ஒரு தட்டுக்கு 35.13 எப்படி வந்தது: கேண்டீன் அறங்காவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கேண்டீன் அறங்காவலர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம்.

போன கூட்டத்தில் நீங்கள் ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தீர்கள். பருவம் முழுக்க ஆன செலவை நான்கு வரிகளில் எழுதி, கூட்டி, சமைத்த சாப்பாட்டின் எண்ணிக்கையால் வகுத்திருந்தீர்கள். ஒரு சாப்பாட்டுக்கு 31.19 வந்தது. என் அறிக்கையில் 35.13 இருந்தது. "நடுவில் இருக்கிற நாலு எங்கே போச்சு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கூட்டம் முடிகிற நேரம் என்பதால் இரண்டு நிமிடத்தில் ஏதோ சொன்னேன், அது யாருக்கும் புரிந்திருக்காது. கூட்டம் முடிந்த பிறகு இன்னும் மூன்று அறங்காவலர்களும் சில பெற்றோரும் இதையே கேட்டார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதும் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வேறு பள்ளிகளில் இதே பொறுப்பில் இருப்பவர்களும் இதை எடுத்துப் பார்க்கக்கூடும். எனவே தொகைகளை நாணயப் பெயர் போடாமல் வெறும் எண்ணாகவே தருகிறேன். கணக்கு எங்கேயும் ஒன்றுதான்.

முதலில் உங்கள் தாளில் இருந்தது. சரக்கு கொடுத்தவர்களுக்கு வங்கியிலிருந்து போன பணம் 4,62,000. எரிவாயு 42,000. சமையலறை ஊழியர் ஆறு பேருக்கு மூன்று மாதச் சம்பளம் 2,70,000. துப்புரவுப் பொருட்கள் 12,000. மொத்தம் 7,86,000. சமையலறைப் பதிவேட்டின்படி பருவத்தின் 60 வேலைநாட்களில் சமைத்தது 25,200 சாப்பாடு. வகுத்தால் 31.19. கூட்டலிலும் வகுத்தலிலும் ஒரு பிழையும் இல்லை. நீங்கள் எடுத்த எண்கள் எல்லாம் எங்கள் ஏடுகளில் இருப்பவைதான். சில எண்கள் நாம் கேட்கும் கேள்விக்கு உரியவை அல்ல, அவ்வளவுதான். எவை, ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சரக்கிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் பெரிய தொகை. வங்கியிலிருந்து போன 4,62,000 என்பது இந்தப் பருவத்தில் நாம் கொடுத்த பணம். இந்தப் பருவத்தில் பிள்ளைகள் சாப்பிட்ட சரக்கின் விலை வேறு. கொடுத்த பணத்தில் 70,000 போன பருவத்தின் கடைசி வாரங்களில் வந்த சரக்குக்கான பில். அந்தச் சாப்பாடு எப்போதோ முடிந்துவிட்டது. அதேபோல இந்தப் பருவத்தின் கடைசியில் வந்திறங்கி, இன்னும் பணம் கொடுக்காத சரக்கு 58,000-க்கு இருக்கிறது. முதலதைக் கழித்து இரண்டாவதைக் கூட்டினால், இந்தப் பருவத்தில் உள்ளே வந்த சரக்கின் மதிப்பு 4,50,000.

வந்ததெல்லாம் அடுப்புக்குப் போய்விடவில்லை. பருவம் தொடங்கிய அன்று சரக்கறையில் 60,000 மதிப்புக்கு இருப்பு இருந்தது. முடிந்த அன்று 90,000 மதிப்புக்கு இருந்தது. தொடக்க இருப்போடு வந்ததைக் கூட்டி, கடைசி இருப்பைக் கழித்தால் கிடைப்பதுதான் உண்மையில் சமையலுக்குப் போன சரக்கு. 60,000, 4,50,000, இரண்டும் சேர்ந்து 5,10,000. அதில் 90,000 போக 4,20,000. உங்கள் எண்ணைவிட இது 42,000 குறைவு. அதாவது இந்த ஒரு வரியில் உங்கள் கணக்கு செலவைக் கூட்டிக் காட்டியிருக்கிறது. இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. மற்ற வரிகளில் செலவு குறைந்து போயிருக்கிறது, இங்கே கூடியிருக்கிறது. ஒன்றை ஒன்று ஈடுகட்டுவதால் வெளியே தெரியும் வித்தியாசம் நான்கு மட்டும். உள்ளே நடப்பது அதைவிடப் பெரியது. அடுத்த பருவத்தில் இருப்பு குறைந்து முடிந்தால் இதே முறை வேறு திசையில் தவறும். அப்போது சாப்பாட்டு விலை திடீரென்று ஏறியதாகவோ இறங்கியதாகவோ தோன்றும், அடுப்படியில் எதுவும் மாறியிருக்காது.

இருப்பின் மதிப்பை எப்படிப் போட்டேன் என்றும் கேட்டிருந்தீர்கள். தானியத்தின் விலை பருவத்துக்குள் இரண்டு முறை மாறியது. கடைசி மூட்டையின் விலையை எல்லா மூட்டைக்கும் போடுவது தவறு. கையிருப்பையும் புதிதாக வந்ததையும் சேர்த்து, மொத்த விலையை மொத்த எடையால் வகுத்து வரும் சராசரி விலையைப் போட்டேன். சர்வதேசக் கணக்கியல் தரம் 2, இருப்பை மதிப்பிட இந்த எடையிட்ட சராசரி முறையையும், முதலில் வந்தது முதலில் போனது என்று கொள்ளும் முறையையும் ஏற்கிறது. கடைசியில் வந்தது முதலில் போனது என்று கொள்வதை அது ஏற்பதில்லை. நம் சரக்கறையில் புது மூட்டையும் பழைய மூட்டையும் ஒரே தொட்டியில் கொட்டப்படுவதால் சராசரிதான் பொருத்தம்.

இருப்பு எடுப்பதைப் பற்றி என் பக்கத்துத் தவறு ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முதல் கணக்கில் கடைசி இருப்பு 78,000 என்றுதான் வந்தது. அதை அப்படியே அறிக்கையில் போட்டிருந்தால் சரக்குச் செலவு 4,32,000 ஆகியிருக்கும், ஒரு தட்டுக்கு 0.50 கூடியிருக்கும். அதைக் காட்டிக்கொடுத்தது பணக் கணக்கு இல்லை, எடைக் கணக்கு. ஒரு முழுத் தட்டுக்குச் சமைக்காத தானியம் 100 கிராம், சின்னப் பிள்ளைகளின் தட்டுக்கு அதில் பத்தில் ஏழு பங்கு என்பது சமையலறையின் அளவு. பருவம் முழுவதற்கும் அந்த அளவில், மீந்துபோனதற்கும் சேர்த்து, சுமார் 2,205 கிலோ செலவாகியிருக்க வேண்டும். ஏட்டிலோ தொடக்கத்தில் 300 கிலோ, வந்தது 2,400 கிலோ, கடைசியில் 190 கிலோ. செலவானது 2,510 கிலோ என்று ஆகிறது. 305 கிலோ அதிகம். அளக்கும்போது கை கொஞ்சம் முன்னே பின்னே போகும், சிந்தும், ஈரத்தில் கொஞ்சம் கெடும். அதற்கெல்லாம் நூற்றுக்கு மூன்று, நான்கு விடலாம். பதினான்கு விட முடியாது.

மனதில் முதலில் வந்தது திருட்டு பற்றிய பயம்தான். சமையலறையில் இருக்கும் யாரையும் கேட்பதற்கு முன் நான் சரக்கறையை மறுபடி எண்ணினேன். எண்ணியவர் சரக்கறையில் இருந்ததை மட்டும் எண்ணியிருந்தார். இடமில்லாமல் பக்கத்து அறையில் அடுக்கியிருந்த மூட்டைகள், மொத்தம் 240 கிலோ, விட்டுப்போயிருந்தன. அவற்றைச் சேர்த்ததும் கடைசி இருப்பு 430 கிலோ, செலவானது 2,270 கிலோ. வித்தியாசம் 65 கிலோ, மூன்று சதவீதத்துக்கும் குறைவு. அந்த மூட்டைகளின் மதிப்பு 12,000. 78,000 என்பது 90,000 ஆனது அப்படித்தான். அன்றிலிருந்து இருப்பு எடுக்கும் தாளில் ஒவ்வொரு அறைக்கும் தனி வரி போட்டிருக்கிறேன். எதுவும் இல்லாத அறைக்கும் பூஜ்யம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எடையை வைத்துச் சரிபார்க்காத எந்த உணவுக் கணக்கையும் நான் இனி உங்கள் முன் வைக்க மாட்டேன்.

அடுத்தது சம்பளம். உங்கள் கணக்கில் மூன்று மாதம். பருவம் மூன்று மாதத்துக்குள் நடந்ததால் அது இயல்பாகத் தோன்றும். ஆனால் சமையலறை ஊழியருக்கு ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுக்கிறோம், விடுமுறை மாதங்களிலும் கொடுக்கிறோம். கொடுக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் பள்ளி திறக்கும் நாளில் அடுப்பைப் பற்றவைக்க ஆள் இருக்காது. அந்த விடுமுறைச் சம்பளம் எந்தச் சாப்பாட்டின் செலவு? விடுமுறையில் சாப்பாடே இல்லை. எனவே அது ஆண்டில் பரிமாறும் எல்லாச் சாப்பாட்டுக்கும் பங்காக வேண்டும். மாதத்துக்கு நம் பங்களிப்புகளும் சேர்த்து 90,000, ஆண்டுக்கு 10,80,000. ஆண்டில் சமையல் நடக்கும் நாட்கள் 200. இந்தப் பருவம் 60 நாள், அதாவது பத்தில் மூன்று பங்கு. 3,24,000. உங்கள் எண்ணைவிட 54,000 அதிகம். மூன்று மாதம் மட்டும் எடுத்துக்கொண்டே போனால் ஆண்டுக் கடைசியில் யாருடைய தட்டிலும் ஏறாத ஒரு சம்பளத் தொகை மிஞ்சும். போன ஆண்டு அப்படி மிஞ்சியதைத்தான் பொது நிதியிலிருந்து அடைத்தோம்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. வகுப்பதற்கு எடுத்த 200 நாள் என்பது ஆண்டுத் திட்டத்தில் உள்ள நாட்கள். ஏதாவது காரணத்தால் பள்ளி பத்து நாள் கூடுதலாக மூடப்பட்டால் 190-ஆல் வகுக்க மாட்டேன். மேலே சொன்ன அதே கணக்கியல் தரம், உற்பத்தி குறைந்த காலத்தில் நிலையான செலவை மிச்சமுள்ள பொருட்களின் மேல் ஏற்றக் கூடாது, வழக்கமான அளவை வைத்தே பிரிக்க வேண்டும் என்கிறது. அது ஆலைகளுக்காக எழுதியது. ஆனால் கருத்து நமக்கும் பொருந்தும். மூடிக்கிடந்த நாளின் சம்பளம் மூடிக்கிடந்ததன் செலவு. அதைச் சாப்பாட்டின் விலையாகக் காட்டினால், சமையலறை திறமை குறைந்துவிட்டது போலத் தோன்றும்.

உங்கள் தாளில் இல்லாத மூன்று வரிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய நீராவிக் கொப்பரையும் அடுப்பும் 6,00,000-க்கு வாங்கியவை. பத்து ஆண்டு உழைக்கும் என்று வைத்து ஆண்டுக்கு 60,000 தேய்மானம், இந்தப் பருவத்துக்கு 18,000. அவை நன்கொடையில் வந்தவைதானே என்று ஒருவர் கேட்டார். வந்தது நன்கொடையில்தான். ஆனால் தேய்வது நன்கொடை என்பதால் நிற்காது, பத்தாவது ஆண்டில் இன்னொரு கொடையாளர் வருவார் என்று நான் கணக்கு எழுத முடியாது. பழுதுபார்ப்புக்கு ஆண்டுக்கு 20,000, பருவத்துக்கு 6,000. மின்சாரத்துக்குப் பள்ளி முழுவதற்கும் ஒரே மீட்டர். அதனால் சமையலறைக்கு இரண்டு வாரம் தனி மீட்டர் வைத்து அளந்தோம். மொத்தத்தில் 12 சதவீதம் வந்தது. பருவத்தின் பில் 1,75,000, நம் பங்கு 21,000. தரைப்பரப்பை வைத்துப் பிரித்திருந்தால் இதைவிடக் குறைவாக வந்திருக்கும். ஆனால் குளிர்பதனப் பெட்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைப் பொறுத்து மின்சாரம் ஓடுவதில்லை. கட்டடத்துக்கு வாடகை போடவில்லை, என் அலுவலக நேரத்தையும் போடவில்லை. கேண்டீனை மூடினாலும் அவை இரண்டும் அப்படியேதான் இருக்கும். வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரும் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டால் மட்டும் அந்த அறையை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்று யோசிக்க வேண்டிவரும். அப்போது தனியாக எழுதுகிறேன்.

ஆக, சரக்கு 4,20,000, எரிவாயு 42,000, சம்பளம் 3,24,000, தேய்மானம் 18,000, பழுது 6,000, மின்சாரம் 21,000, துப்புரவு 12,000. மொத்தம் 8,43,000. எரிவாயுவும் துப்புரவும் நீங்கள் எழுதியவைதான், மாற்றவில்லை.

இனி எதால் வகுப்பது? எனக்கு அதிக நேரம் எடுத்தது இதுதான். உங்கள் 25,200 சமையலறைப் பதிவேட்டில் உள்ளது. காலையில் எத்தனை பேருக்கு அளந்து போட்டார்கள் என்பதை அது சொல்கிறது. ஒரு நாளைக்கு 420. பரிமாறும் இடத்தில் வாங்கி வைத்த டோக்கன்களை எண்ணினால் 24,000, நாளைக்கு 400. நடுவில் உள்ள 1,200 யாருடைய தட்டுக்கும் போகவில்லை. அதற்கான தானியமும் எண்ணெயும் ஏற்கனவே 4,20,000-க்குள் இருக்கின்றன. சமைத்த எண்ணிக்கையால் வகுத்தால், கொட்டிய சாப்பாட்டையும் யாரோ சாப்பிட்டதாக ஆகிவிடும். பரிமாறியதால் வகுக்கும்போது, மீந்ததன் செலவைச் சாப்பிட்ட தட்டுகள் தாங்குகின்றன. உண்மையில் நடப்பதும் அதுதான். இதற்கு மேல் மீந்ததற்கென்று தனியாக ஒரு தொகையைச் சேர்க்கக் கூடாது, அது ஒரே செலவை இரண்டு முறை எழுதுவதாகும். என் முதல் வரைவில் அப்படி ஒரு வரி இருந்தது, எடுத்துவிட்டேன்.

ஐந்து சதவீதம் மீதி என்பது மோசம் இல்லை. வருகைக் கணக்கு வகுப்பிலிருந்து வருவதற்குள் முதல் கொப்பரை ஏறிவிடுகிறது, அதனால் முந்தைய நாள் எண்ணிக்கையை வைத்தே அளக்கிறார்கள். நாள்வாரியாகப் பார்த்தால் மீதி சமமாக இல்லை. தேர்வு நாட்களிலும், விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகள் வெளியே போன நாட்களிலும்தான் குவிந்திருக்கிறது. அந்த நாட்கள் முன்கூட்டியே தெரிந்தவை. சமையலறைக்கு ஒருவர் முந்தைய மாலையே சொல்லியிருந்தால் போதும்.

சரி, 8,43,000-ஐ 24,000-ஆல் வகுத்தால் 35.125. அறிக்கையில் 35.13 என்று போட்டது இதைத்தான். இது சராசரித் தட்டு. ஆனால் நம் வரிசையில் சராசரித் தட்டு என்று ஒன்று இல்லையே. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குச் சின்னக் கரண்டி, பெரியவர்களுக்குப் பெரிய கரண்டி. மூன்று நாட்கள், நாளுக்கு இரண்டு வகையிலும் இருபது இருபது தட்டுகளை எடை போட்டோம். சின்னத் தட்டு பெரிய தட்டில் பத்தில் ஏழு பங்கு இருந்தது. பரிமாறிய 24,000-இல் 10,000 சின்னத் தட்டு, 14,000 பெரிய தட்டு.

இந்த இடத்தில் நான் முதலில் தவறான வழியில்தான் போனேன். 10,000 சின்னத் தட்டை 7,000 முழுத் தட்டாக மாற்றி, 14,000-த்தோடு கூட்டி, 21,000-ஆல் எல்லாச் செலவையும் வகுத்தேன். பெரிய தட்டு 40.14 என்றும், அதில் பத்தில் ஏழு பங்கான சின்னத் தட்டு 28.10 என்றும் வந்தது. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. சமையலறைத் தலைவரிடம் காட்டினேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: "சின்னப் புள்ளைக்குப் பரிமாறும்போது நான் பாதி நேரத்துலயா முடிக்கிறேன்?" உண்மையில் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் நேரம் அதிகம் ஆகிறது. தட்டைக் கழுவும் தண்ணீரும் சோப்பும் கரண்டியின் அளவைப் பார்ப்பதில்லை. எடையோடு சேர்ந்து குறைவது சரக்கு மட்டும்தான்.

அதனால் இரண்டாகப் பிரித்தேன். சரக்குச் செலவு 4,20,000-ஐ 21,000 முழு அளவுகளால் வகுத்தேன். ஒரு முழு அளவுக்கு 20, சின்ன அளவுக்கு 14. மீதிச் செலவு 4,23,000-ஐத் தட்டு எண்ணிக்கை 24,000-ஆல் வகுத்தேன். அளவு எதுவானாலும் தட்டுக்கு 17.63. ஆக, பெரிய தட்டு 37.63, சின்னத் தட்டு 31.63. இரண்டுக்கும் உள்ள இடைவெளி பன்னிரண்டு என்பதிலிருந்து ஆறாகக் குறைந்துவிட்டது. முதல் முறையில் போயிருந்தால் சின்னப் பிள்ளைகளின் கட்டணத்தைத் தேவைக்கு மேல் குறைத்து, அந்தச் சுமையைப் பெரிய பிள்ளைகளின் வீட்டில் வைத்திருப்போம். சமையலறைத் தலைவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

உங்கள் நான்கு எங்கே போனது என்பதற்கு இப்போது நேராகப் பதில் சொல்லலாம். செலவுத் தொகை 7,86,000-லிருந்து 8,43,000 ஆனதில் 2.26. வகுக்கும் எண் 25,200-லிருந்து 24,000 ஆனதில் மீதி 1.67. அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் முடிவு உங்கள் கையில் இருக்கிறது. அந்த 24,000 தட்டில் 900 தட்டு பிள்ளைகளுடையது அல்ல. சமையலறை ஊழியர் ஆறு பேரும், மேற்பார்வையில் நிற்கும் ஆசிரியர் ஒன்பது பேரும் தினமும் சாப்பிடுகிறார்கள். அவர்களிடம் பணம் வாங்குவதில்லை, வாங்கவும் கூடாது என்பது என் கருத்து. ஆனால் அந்தச் சாப்பாட்டை யார் தாங்குவது? என் கணக்கில் அவை மற்றத் தட்டுகளைப் போலவே எண்ணப்பட்டிருக்கின்றன. அதாவது அவற்றின் செலவு சுமார் 33,860-ஐப் பள்ளியின் பொதுக் கணக்கு கேண்டீனுக்குக் கொடுக்கும் என்று வைத்திருக்கிறேன். அறங்காவலர் குழு அதற்கு ஒப்பவில்லை என்றால், முழுச் செலவையும் பிள்ளைகளின் 23,100 தட்டுகள்தான் தாங்க வேண்டும். அப்போது சராசரி 36.49 ஆகும். ஆசிரியர்கள் அங்கே நிற்பது பள்ளியின் வேலையாக, சமையலின் வேலையாக அல்ல. அதனால் குறைந்தது அவர்களின் ஒன்பது தட்டையாவது பொதுக் கணக்கு ஏற்பது நியாயம். சமையலறை ஊழியரின் சாப்பாட்டை அவர்களின் ஊதியத்தின் ஒரு பகுதியாகக் கருதிச் சாப்பாட்டு விலையில் ஏற்றலாம் என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

கடைசியாக, கூட்டத்தில் நீங்கள் சொன்ன திட்டத்துக்கு வருகிறேன். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளில் மேலும் 80 பேரைச் சேர்க்கலாம், தலைக்கு 35 வீதம் நிதி திரட்டினால் போதும் என்றீர்கள். எண்பது என்று பார்த்தால் தொகை கிட்டத்தட்டச் சரியாகத்தான் வருகிறது. ஆனால் அது சராசரியால் வருவதில்லை, தற்செயலாக அப்படி அமைந்திருக்கிறது. முப்பது பேர் என்று முடிவானால் 35 மிகவும் அதிகம்.

காரணம் கொப்பரை. அதில் ஒரே ஏற்றத்தில் 460 பேருக்குச் சமைக்கலாம். இப்போது 420 பேருக்குச் சமைக்கிறோம். முப்பது பேர் கூடினால் மீதிக்கும் சேர்த்துச் சுமார் 452. அதே கொப்பரை, அதே ஆறு பேர், எரிவாயுவில் பெரிய மாற்றம் இல்லை. கூடுவது சரக்கு மட்டும்: முழுத் தட்டு என்றே வைத்தாலும் தலைக்கு 20. பருவத்துக்கு 1,800 தட்டு, 36,000 போதும். பள்ளியின் சராசரியும் 35.13-லிருந்து 34.07 ஆக இறங்கும்.

எண்பது பேர் கூடினால் 504 பேருக்குச் சமைக்க வேண்டும். கொப்பரையை இரண்டாவது முறை ஏற்ற வேண்டும். அதற்கு நாளைக்குச் சுமார் 250 எரிவாயு கூடும், பருவத்துக்கு 15,000. இரண்டாவது ஏற்றத்துக்கும் பரிமாறுவதற்கும் ஏழாவது ஆள் வேண்டும். மாதம் 15,000 என்றால், விடுமுறைப் பங்கும் சேர்த்துப் பருவத்துக்கு 54,000. சரக்கு 4,800 தட்டுக்கு 96,000. மொத்தம் 1,65,000, ஒரு தட்டுக்கு 34.38. நீங்கள் திரட்டச் சொன்ன 35-க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆனால் உள்ளே இருப்பது வேறு கணக்கு: கொப்பரை நிறையும் வரை தலைக்கு இருபது, நிறைந்த அடுத்த ஆளுக்கு ஒரே நாளில் ஒரு சம்பளமும் இரண்டாவது ஏற்றமும்.

எதிர்த் திசையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டணத்தை ஏற்றும் பேச்சு இருக்கிறது. ஏற்றியதால் தினம் 60 பெரிய பிள்ளைகள் கேண்டீனை விட்டுப் போனால் மிச்சமாவது சரக்கில் 72,000 மட்டும். 7,71,000-ஐ மீதமுள்ள 20,400 தட்டுகளால் வகுத்தால் 37.79. செலவை ஈடுகட்ட ஏற்றிய கட்டணமே தட்டின் செலவை ஏற்றிவிடும். அதனால் 35.13-ஐ வைத்துக் கட்டணத்தைப் பற்றிப் பேசும்போது எத்தனை பேர் விலகுவார்கள் என்ற மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்துப் பேசலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். புதிய பிள்ளைகளைச் சேர்க்கும் பேச்சில் 35.13 வேண்டவே வேண்டாம். அதற்கு 20-ஐயும், கொப்பரையின் 460-ஐயும் எடுத்துக்கொள்ளலாம்.

என் யோசனை, அடுத்த பருவத்தில் 30 பேரைச் சேர்ப்பது. அதற்கு வேண்டிய 36,000-ஐ உடனே தொடங்கும் அளவுக்குத் திரட்டிவிடலாம். மிச்ச ஐம்பது பேருக்கு ஏழாவது ஆளின் சம்பளம் ஓராண்டுக்கு உறுதியான பிறகு தொடங்கலாம். பாதியில் நிறுத்த நேர்ந்தால் பிள்ளைகள் வரிசையிலிருந்து திருப்பி அனுப்பப்படுவார்கள், அதை நான் பார்க்க விரும்பவில்லை.

டோக்கன் எண்ணிய தாள்கள், எடை போட்ட தட்டுகளின் பட்டியல், தனி மீட்டரின் குறிப்பு எல்லாம் என் அலுவலகத்தில் இருக்கின்றன, எந்த அறங்காவலரும் வந்து பார்க்கலாம். அடுத்த இருப்பு எடுப்பு அடுத்த பருவத்தின் கடைசி வேலைநாள் மாலை, பாத்திரம் கழுவி முடித்ததும். நீங்களும் வந்து ஒரு அறையை எண்ணித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பக்கத்து அறையையே உங்களுக்கு ஒதுக்கி வைக்கிறேன்.

அன்புடன்,
பள்ளியின் நிதி அலுவலர்